லாஜிஸ்டிக் சமன்பாடு: பகுதிப் பின்னம் வரை சரி, அதன்பின் 6-ஆம் மணி நேரத்தில் விடையே இல்லை

சிறுதுளி

கார்ல்சன் 1913-இல் எடுத்த ஈஸ்ட் வளர்ச்சி அளவீடுகளை வைத்து லாஜிஸ்டிக் சமன்பாட்டைத் தீர்த்துப் பார்க்கிறேன். தொடக்க அளவு 9.6. ஐந்தாம் மணியில் 119.1, ஆறாம் மணியில் 174.6, பத்தாம் மணியில் 513.3, பதினெட்டாம் மணியில் 661.8. உச்ச அளவு K = 665, வளர்ச்சி வீதம் r = 0.5355 (ஒரு மணி நேரத்துக்கு) என்று எடுத்துக்கொண்டேன். பின்னாளில் பேர்ல் இதே தரவுக்குப் பொருத்திய எண்கள் அவை.

என் படிகள்:

```
dP/dt = r P (1 - P/K)
K dP / [P (K - P)] = r dt
K / [P (K - P)] = 1/P + 1/(K - P)
ln P + ln(K - P) = r t + C
P (K - P) = 6291.8 e^(0.5355 t)
```

6291.8 என்பது 9.6 × 655.4. இதை P-க்கான இருபடிச் சமன்பாடாகத் தீர்த்தால் t = 5-இல் 194.6 வருகிறது. அளந்தது 119.1 தான். t = 6 போட்டால் வர்க்கமூலத்துக்குள் எதிர்ம எண் வந்துவிடுகிறது. பகுதிப் பின்னத்தை மூன்று முறை சரிபார்த்தேன், அது சரியாகவே இருக்கிறது. எங்கே பிசகுகிறது?

நெடுங்கணக்கு

பகுதிப் பின்னம் சரிதான். அதற்கு அடுத்த வரியைப் பாருங்கள். 1/(K − P)-ஐ P-ஐப் பொறுத்துத் தொகையிட்டால் −ln(K − P) வரும், +ln(K − P) வராது. சந்தேகம் இருந்தால் ln(K − P)-ஐ வகையிட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் −P-இலிருந்து ஒரு −1 வெளியே வந்து −1/(K − P) கிடைக்கும். இந்தக் கணக்கில் அதிகம் நடக்கும் பிழை இதுதான். பின்னங்களைக் கூட்டிப் பார்க்கிற சரிபார்ப்பில் இது சிக்காது, ஏனென்றால் பிழை பின்னத்தில் இல்லை, தொகையீட்டில் இருக்கிறது.

உங்கள் விடை ஏன் நடுவழியில் நின்றது என்பதையும் பார்த்துவிடுங்கள். அடுத்த முறை அந்த அடையாளத்தை வைத்தே குறிப்பிழையைப் பிடித்துவிடலாம். P(K − P) என்ற பெருக்கற்பலன் எவ்வளவு பெரிதானாலும் K²/4-ஐத் தாண்டாது. இங்கே அது 110556. வலப்பக்கமோ அடுக்குக்குறியாக ஏறிக்கொண்டே போகிறது. 6291.8-இலிருந்து 110556-ஐத் தொட 17.57 மடங்கு ஏற வேண்டும். ln 17.57 = 2.866, அதை 0.5355-ஆல் வகுத்தால் 5.35 மணி. அந்த நேரத்தில் P = 332.5, அதாவது K-இல் பாதி. அதற்குப் பின் சமன்பாட்டை நிறைவு செய்யும் மெய்யெண் எதுவும் கிடையாது. லாஜிஸ்டிக் கணக்கில் விடை K/2-இல் முட்டி நின்றால் முதலில் இந்தக் குறியைத்தான் பார்க்க வேண்டும்.

குறியைத் திருத்தினால் பெருக்கல் வகுத்தலாகிவிடும்:

```
ln P - ln(K - P) = r t + C
P / (K - P) = A e^(r t),   A = P0 / (K - P0)
P = K / (1 + b e^(-r t)),  b = (K - P0) / P0
```

இரண்டாவது வரியிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது பலர் தடுமாறுகிறார்கள். P = A e^(rt) (K − P) என்று எழுதி, P இருக்கும் உறுப்புகளை ஒரே பக்கம் கொண்டு வாருங்கள். P(1 + A e^(rt)) = K A e^(rt) ஆகும். மேலும் கீழும் A e^(rt)-ஆல் வகுத்தால் மூன்றாவது வரி. உங்கள் எண்களுக்கு b = 655.4/9.6 = 68.27.

t = 5-இல் e-இன் அடுக்கு −2.6775, b-ஐப் பெருக்கினால் 4.69, ஆக P = 665/5.69 = 116.8. t = 6-இல் 177.5. அளந்தவை 119.1, 174.6.

வடகரையான்

சரியான பதில். இன்னும் இரண்டு சேர்க்கிறேன். முதலாவது, புத்தகங்களில் ln|P|, ln|K − P| என்று மட்டுக்குறி போட்டுக் குழப்புவார்கள். அது தேவையே இல்லை. உயிரினத்தின் அளவு எதிர்மமாகாது, A = e^C என்பதால் A-யும் எப்போதும் நேர்மம். இரண்டாவது, K = 665-ஐ யாரிடமும் கடன் வாங்க வேண்டாம். கடைசி அளவீடு 661.8. வளர்ச்சி அங்கே நின்றுவிட்டது, அதையே K-ஆக எடுத்துக்கொள்ளலாம்.

நெடுங்கணக்கு

வடகரையான் சொன்ன முதல் விஷயம் இந்தக் கேள்விக்கு மட்டும் பொருந்தும். 9.6-இலிருந்து தொடங்கி K-க்குக் கீழேயே இருப்பதால் மட்டுக்குறி இல்லாமலே பிழைத்துக்கொள்கிறோம். ஆனால் P0 = 1000 என்று வையுங்கள். K − P எதிர்மம், ln(K − P)-க்குப் பொருளே இல்லை. அப்போது மட்டுக்குறியோடு எழுதினால்தான் அடுத்த வரிக்குப் போக முடியும். மட்டுக்குறியை எடுக்கும்போது வரும் ± குறி A-க்குள் போய்விடுகிறது. அதனால் A எதிர்மமாகவும் இருக்கலாம். P0 = 1000 எனில் A = 1000/(−335).

சூத்திரம் அப்படியே செல்லும். b = −0.335, ஒரு மணி நேரம் கழித்து P = 665/(1 − 0.196) = 827. மேலிருந்து K-ஐ நோக்கி இறங்குகிறது, எதிர்பார்த்தபடிதான். நேரத்தைப் பின்னோக்கி ஓட்டினால் t = −2.04-இல் பகுதி பூச்சியமாகி P முடிவிலிக்குப் போகும். முன்னோக்கிப் போகும்போது அந்தத் தொல்லை இல்லை.

மட்டுக்குறியோடு சேர்ந்தே தொலைந்துபோகிற இன்னொன்று உண்டு. முதல் வரியிலேயே P(K − P)-ஆல் வகுத்துவிட்டோம். P = 0, P = K ஆகிய இரண்டும் சமன்பாட்டின் தீர்வுகள்தான், ஆனால் வகுக்கும்போது கைவிடப்படுகின்றன. பொதுத் தீர்வை A வைத்து எழுதினால் A = 0 போட்டு P = 0-ஐ மீட்கலாம், P = K கிடைக்காது. b வைத்து எழுதினால் தலைகீழ்: b = 0 போட்டால் P = K வரும், P = 0 வராது. எந்த வடிவில் எழுதினாலும் ஒன்றைத் தனியாகக் குறிப்பிட்டே ஆக வேண்டும். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

K பற்றிச் சொன்னதை நான் ஏற்கவில்லை. அதற்கு வேறு யாராவது விரிவாகச் சொன்னால் நல்லது.

சிறுதுளி

குறிதான் சிக்கல் என்று புரிந்தது, நன்றி சார். திருத்தியபின் t = 10-க்குப் போட்டேன். 502.8 வருகிறது. அளந்தது 513.3. பத்துக்கும் மேல் குறைகிறதே, இன்னும் எங்காவது பிழை இருக்கிறதா?

மடக்கைத்தாள்

கணக்கில் பிழை இல்லை. 503 அளவில் இருக்கும்போது வளர்ச்சி வேகம் r P (1 − P/K) மணிக்கு ஏறத்தாழ 66. பத்தரை அலகு வித்தியாசம் என்றால் பத்து நிமிட வித்தியாசம்தான். வளைகோடு செங்குத்தாக ஏறுகிற இடத்தில் அலகுகளை வைத்துப் பார்த்தால் பிழை பெரிதாகத் தெரியும். நேரத்தை வைத்துப் பாருங்கள்.

அதில் ஒரு பகுதி நீங்கள் வளைகோட்டை முதல் அளவீட்டோடு கட்டிப்போட்டதால் வருகிறது. 9.6 என்ற ஒரே எண்ணில் இருக்கும் சின்னப் பிழை முழு வளைகோட்டையும் இடவலமாக நகர்த்திவிடும். பேர்ல் பொருத்திய வளைகோட்டில் b = e^4.1896, அதாவது 66.0. அதன்படி தொடக்க அளவு 9.6 அல்ல, 9.93. அதை வைத்தால் t = 10-இல் 506.9 வரும். மிச்சம் இருப்பது அளவீட்டின் சிதறல்.

இப்போது K விஷயம். நெடுங்கணக்கு திருத்திய முதல் வரியாக எழுதினாரே, ln P − ln(K − P) = rt + C, எல்லாரும் அதைத் தாண்டி P = ... என்ற கடைசி வடிவுக்கு ஓடிவிடுகிறார்கள். தரவு கையில் இருப்பவருக்கு அந்த மடக்கை வரிதான் கருவி. இடப்பக்கத்தை ஒவ்வொரு அளவீட்டுக்கும் கணக்கிட்டு t-க்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். அதன் சாய்வுதான் r. K = 665-க்கு இப்படி வருகிறது:

```
t        P        ln[P/(K-P)]
0        9.6      -4.22
4        71.1     -2.12
8        350.7     0.11
12       594.8     2.14
16       655.9     4.28
18       661.8     5.33
```

ஒவ்வொரு இடைவெளியிலும் சாய்வு 0.51-க்கும் 0.56-க்கும் நடுவே நிற்கிறது. லாஜிஸ்டிக் இந்தத் தரவுக்குப் பொருந்துகிறது என்பதற்குச் சான்று இதுதான்.

வடகரையான் சொன்னபடி K = 661.8 வைத்தால் கடைசி வரியில் K − P பூச்சியம், மடக்கை முடிவிலி. கொஞ்சம் தள்ளி 662 வைத்துப் பாருங்கள். 12-இலிருந்து 16 வரை சாய்வு 0.62, 16-இலிருந்து 18 வரை 1.71. கோடு மேல்நோக்கி வளைந்து ஓடுகிறது. K = 670 வைத்தால் அதே இடைவெளிகளில் 0.44, பிறகு 0.28, கீழ்நோக்கி மடிகிறது. ஆக, வால்பகுதி மேலே வளைந்தால் K குறைவு, கீழே வளைந்தால் K அதிகம். தொடக்கப் பகுதி எதையும் காட்டிக்கொடுக்காது: t = 4-இல் K-ஐ 665-இலிருந்து 662 ஆக்கினாலும் மதிப்பு −2.12 தான்.

வடகரையான்

ஒப்புக்கொள்கிறேன், K கடைசி அளவீட்டை விடக் கொஞ்சமாவது மேலே இருக்க வேண்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். கோடு நேராக வரும்வரை K-ஐ மாற்றிக்கொண்டே போனால், நேர்கோடு வந்தது என்று சொல்வதில் என்ன சான்று மிச்சம் இருக்கிறது? நாமே அதை நேராக்கியிருக்கிறோமே.

மடக்கைத்தாள்

நல்ல கேள்வி. முழுப் பதில் என்னிடம் இல்லை. பாதிப் பதில் இது: K-ஐ மாற்றினால் வால்தான் அசையும், 0 முதல் 10 மணி வரை உள்ள பகுதி கிட்டத்தட்ட அசையாது. அந்தப் பகுதியும் வாலும் ஒரே சாய்வில் சேர்வது நாம் திணித்ததல்ல. ஆனாலும் வாலை நம்பி K-ஐத் தீர்மானிப்பது ஆபத்துதான். t = 18-இல் K − P வெறும் 3.2. அளவீட்டில் ஒரே ஒரு அலகு குறைந்து 660.8 என்று வந்திருந்தால் மடக்கை மதிப்பு 5.33-இலிருந்து 5.06-க்கு இறங்கிவிடும். அதே ஒரு அலகுப் பிழை t = 8-இல் 0.006 தான் மாற்றும். அதனால் இந்த வரைபடத்தில் சாதாரணமாக நேர்கோடு பொருத்தினால் மிக நம்பமுடியாத புள்ளிகளுக்கும் மற்றவற்றுக்குச் சமமான எடை போய்விடுகிறது. மடக்கை வரைபடத்தில் K, r-க்குத் தோராயம் எடுத்துக்கொண்டு, பிறகு நேரடியாக P-இல் குறைந்த வர்க்கப் பொருத்தம் செய்வதே என் பரிந்துரை.

ஏரிக்கரை

நடுவுல வந்து கேக்குறதுக்கு மன்னிக்கணும். எங்க ஏரியில மீன் தானா பெருகுது, யாரும் குஞ்சு விடுறதில்ல. ஏரி தாங்குறது 4000 கிலோன்னும், r மாசத்துக்கு 0.5-ன்னும் வச்சிருக்கோம். குத்தகைக்காரர் மாசம் 420 கிலோ பிடிக்கிறார். மேல இருக்கற சூத்திரத்துல P கண்டுபிடிச்சு, கடைசியில 420t-ஐக் கழிச்சிட்டா போதுமா?

நெடுங்கணக்கு

போதாது அண்ணா. ஏரி நிறைந்திருக்கும்போது தொடங்கினால் அந்த முறையில் 4000 − 420t வரும். பத்தாம் மாதத்துக்குள் மீனே இல்லை என்று காட்டும். உண்மையில் அப்படி ஆகாது, ஏனென்றால் பிடித்து இடம் ஏற்பட்டதும் மீதி மீன் வேகமாகப் பெருகுகிறது. பிடிப்பைச் சமன்பாட்டுக்குள்ளேயே வைக்க வேண்டும்:

```
dP/dt = 0.5 P (1 - P/4000) - 420
      = 0.000125 (P - 1200)(2800 - P)
```

வலப்பக்கத்தின் மூலங்கள் 0, 4000 அல்ல, 1200, 2800 ஆகிவிட்டன. முறை அதேதான், பின்னங்கள் மட்டும் மாறும்: 1/[(P − 1200)(2800 − P)] என்பது 1/(P − 1200) + 1/(2800 − P) என்பதை 1600-ஆல் வகுத்தது. அந்த 1600-ஐ மறந்தால் வேகம் முழுக்கத் தப்பாகும். அடுக்கில் வருவது 0.000125 × 1600 = 0.2, முன்பு இருந்த 0.5 இல்லை. ஏரி ஒவ்வொரு அதிர்ச்சியிலிருந்தும் முன்பைவிட மெதுவாகத்தான் மீளும் என்று இதற்குப் பொருள்.

4000-இல் தொடங்கினால் P − 2800 நேர்மம், மட்டுக்குறியை எடுத்து (P − 1200)/(P − 2800) = (7/3) e^(0.2t) என்று எழுதலாம். ஆறு மாதத்தில் ஏறத்தாழ 3037 கிலோ, அதன்பின் 2800-ஐ நோக்கி மெல்ல இறங்கும். ஆனால் ஏதோ ஒரு வறட்சியில் இருப்பு 1000 கிலோவுக்கு விழுந்து, அப்போதும் 420 பிடித்துக்கொண்டே இருந்தால், 6.75 மாதத்தில் பூச்சியம். அதற்குப் பிறகும் சூத்திரம் எதிர்ம எண்களைக் கொடுக்கும், அவற்றைப் படிக்கக் கூடாது. பாதுகாப்புக் கோடு 1200.

மாதப் பிடிப்பு rK/4 = 500 கிலோவைத் தொட்டால் இரண்டு மூலமும் 2000-இல் ஒன்றாகிவிடும், 1/(P − 2000)² தான் மிஞ்சும், மடக்கை வராது. 500-ஐத் தாண்டினால் மெய் மூலமே இல்லை, தொகையீட்டில் தலைகீழ் டேன்ஜென்ட் வரும், எவ்வளவு மீனோடு தொடங்கினாலும் ஏரி காலியாகும்.

ஏரிக்கரை

மாசம் சரியா 420-ன்னு யாரும் பிடிக்கிறதில்ல. மீன் கம்மியா இருந்தா வலையில கம்மியாத்தான் விழும். அப்ப?

நெடுங்கணக்கு

பிடிப்பு இருப்புக்கு ஏற்ற விகிதத்தில் இருந்தால் கணக்கு எளிதாகிவிடும். மாதம் பத்தில் ஒரு பங்கு பிடிக்கிறார்கள் என்றால் 0.1P-ஐக் கழிக்கிறோம், மிஞ்சுவது 0.4P − 0.000125P². அது திரும்பவும் பழைய லாஜிஸ்டிக்தான், r = 0.4, K = 3200 என்று மட்டும் மாறியிருக்கிறது. அங்கே 1200 போன்ற ஆபத்துக் கோடு இல்லை. உங்கள் ஏரி இந்த இரண்டில் எதற்கு அருகில் இருக்கிறது என்பதைப் பிடிப்புக் கணக்கைப் பார்க்காமல் சொல்ல முடியாது. K = 4000, r = 0.5 என்ற எண்கள் எப்படி வந்தன என்பதையும் சொல்லுங்கள். 1200 என்ற கோடு முழுக்க அவற்றைப் பொறுத்தது.

தலைகீழி

மூலக் கேள்விக்குத் திரும்புகிறேன். பகுதிப் பின்னம், குறி, மட்டுக்குறி என்று இத்தனை இடத்தில் தடுக்கி விழுவானேன்? u = 1/P என்று மாற்றுங்கள். P-ஐப் பிரதியிட்டுச் சுருக்கினால்:

```
du/dt = -r u + r/K
u = 1/K + (1/P0 - 1/K) e^(-r t)
```

நேரியல் சமன்பாடு, இரண்டே வரி. P0 > K என்றாலும் அப்படியே செல்லும். தலைகீழாக்கினால் மேலே வந்த அதே b வடிவம். இதையே முதலில் கற்பிக்கலாம்.

மடக்கைத்தாள்

அழகான வழி, கையில் செய்ய வேகமும்கூட. ஆனால் P = 0 இங்கேயும் தொலைகிறது. அதைவிட முக்கியம், ஏரிக்கரை கேட்ட கணக்கில் இது உதவாது. மாறாத பிடிப்பு h சேர்ந்ததும் du/dt-இல் h u² என்ற உறுப்பு வந்து நேரியல் தன்மை போய்விடும். பகுதிப் பின்னமோ 1200, 2800 என்று மூலங்களை மாற்றிக்கொண்டு அப்படியே வேலை செய்தது. தரவை நேர்கோடாக்கிப் பார்க்கும் மடக்கை வரியும் அந்த வழியில்தான் கிடைக்கிறது.

தலைகீழி

h பற்றிச் சொன்னது சரி. எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். K காலத்தோடு மாறினால், உதாரணமாக ஏரி நீர்மட்டம் கோடையில் இறங்கி மழையில் ஏறினால், P-யையும் t-யையும் பிரிக்கவே முடியாது. பகுதிப் பின்னத்துக்குப் போகும் வழியே அடைபட்டுவிடும். u-வில் அது du/dt = −r u + r/K(t), இன்னமும் நேரியல்தான், தொகையீட்டுக் காரணி e^(rt) வைத்துத் தீர்க்கலாம். இருப்புக்கு ஏற்ற விகிதத்தில் பிடிப்பு இருந்தால் அதையும் r − 0.1 என்று சேர்த்துக்கொள்ளலாம், K-ஆல் வகுபடும் r மட்டும் பழையபடியே இருக்கும்.

சிறுதுளி

K = 665-ஐ நான் கொடுக்கப்பட்ட எண்ணாக எடுத்துக்கொண்டேன். 0 முதல் 18 வரை எல்லா அளவீட்டுக்கும் மடக்கை மதிப்பைப் போட்டு, 664, 665, 666 மூன்றுக்கும் வரைந்து பார்க்கப் போகிறேன். t = 17, 18 புள்ளிகளை விட்டுவிட்டு ஒரு முறையும் சேர்த்து ஒரு முறையும்.

மடக்கைத்தாள்

அப்படியே செய்யுங்கள். விட்டுவிட்டு எடுத்த சாய்வும் சேர்த்து எடுத்த சாய்வும் எந்த K-க்கு ஒத்துப்போகிறது என்று எழுதுங்கள். வடகரையான் கேட்ட கேள்விக்கு அது ஓரளவு பதில் சொல்லும்.